வாரேன்னு சொன்னாளா, வாறன் எண்டு சொன்னாளா: வெளிநாட்டுத் தமிழ் வானொலியில் கேட்ட பாட்டைத் தேடிப் பிடிப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் இப்போது பல வீட்டு அடுப்படிகளில் வெளிநாட்டுத் தமிழ் வானொலிதான் ஓடுகிறது. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சிட்னி என்று எங்கெங்கோ உள்ள சமூக வானொலிகள் கைப்பேசிச் செயலி வழியாக வந்துவிடுகின்றன. சாம்பார் கொதிக்கும் சத்தத்துக்கு நடுவே ஒரு பாட்டு போகும். கேட்டதுமே பிடித்துவிடும். பாடியவர் பெயரைச் சொல்லாமலே அறிவிப்பாளர் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார். கையில் மிஞ்சுவது ஒன்றரை அடி வரி, கொஞ்சம் மெட்டு, “இலங்கைப் பேச்சு மாதிரி இருந்துச்சு” என்ற நினைப்பு, அவ்வளவுதான்.

அந்த ஒன்றரை அடியை அப்படியே இயங்கலையில் தட்டிப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் திரைப்படப் பாட்டுகள்தான் வந்து நிற்கும். தேடும் கருவியை இதற்குக் குறை சொல்ல முடியாது. பாட்டைக் கேட்ட அந்த நொடியிலேயே நம் காது அதை நம்மூர்த் தமிழுக்கு மாற்றி வைத்துக்கொள்கிறது. பாடியவர் ‘வாறன்’ என்று பாடியிருப்பார், நமக்கு ‘வாரேன்’ என்று நினைவிருக்கும். அந்த மாற்றத்தைக் கலைத்து, பாடிய வாயில் இருந்த சொல்லுக்குத் திரும்பிப் போவதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. இந்தக் கட்டுரையில் இலங்கைத் தமிழ்ப் பாட்டு ஒன்றைத் தேடும் வழியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வெளிநாட்டுத் தமிழ் வானொலிகளில் நமக்குப் பிடிபடாமல் போகும் பாட்டுகளில் பெரும்பகுதி அந்த வகைதான்.

முதல் பத்து நிமிடம்

பாட்டு முடிந்ததும் வானொலியின் சத்தத்தைக் குறையுங்கள். அடுத்த பாட்டு காதில் விழுந்தால் முந்தைய மெட்டு கலைந்துவிடும். உடனே கைப்பேசியின் குரல் பதிவைத் திறந்து, நினைவிருக்கும் வரையில் மெட்டை முனகிப் பதியுங்கள். சொல் வரும் இடத்தில் சொல், வராத இடத்தில் ‘தானா தன்னா’ போதும். குரல் நன்றாக இல்லையே என்று கூச்சப்பட வேண்டாம். எந்த எழுத்தில் ராகம் நீள்கிறது, எந்த எழுத்து சட்டென்று முடிகிறது என்பது இந்தப் பதிவில்தான் இருக்கும். பிறகு அதுவே பெரிய சாட்சியாகப் பயன்படும்.

அதன் பிறகு தாளில் எழுதுங்கள். பொருளை எழுதாமல் ஓசையை எழுத வேண்டும். புரியாத சொல்லை உங்களுக்குத் தெரிந்த சொல்லாகத் திருத்தாமல், கேட்டபடியே ‘காணேல்’ என்றோ ‘பேந்து’ என்றோ எழுதுங்கள். மறந்த இடத்தில் கோடு போட்டு விடுங்கள். ஆண் குரலா பெண் குரலா, பின்னால் கூட்டமாகப் பாடினார்களா, பாட்டுக்கு முன்பு அறிவிப்பாளர் யாருடைய விருப்பமாக அதை ஒலிபரப்பினார், பாட்டுக்கு முன்னும் பின்னும் என்ன வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நேரம். மலேசிய நேரத்தை நிமிடத்தோடு எழுதி, அதை வானொலி இருக்கும் ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள். இங்கேதான் நிறையப் பேர் நாளையே தவறவிடுகிறார்கள். ரொறன்ரோ நமக்குக் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் கோடையில் 12 மணி நேரமும் பின்னால் இருக்கிறது. ஜனவரியில் புதன்கிழமை காலை 7:20க்கு நீங்கள் கேட்ட பாட்டு அங்கே செவ்வாய்க்கிழமை மாலை 6:20க்குப் போனது. அதுவே ஜூலை என்றால் செவ்வாய் மாலை 7:20. லண்டன் குளிர்காலத்தில் 8 மணி நேரமும் கோடையில் 7 மணி நேரமும் பின்னால். சிட்னி மட்டும் நமக்கு முன்னால், 2 அல்லது 3 மணி நேரம். கடிகாரத்தை மாற்றும் தேதியும் நாட்டுக்கு நாடு வேறு. ரொறன்ரோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும், பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இணையம் வழியாக வரும் ஒலி உண்மையான ஒலிபரப்பைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். ஆகவே நேரத்தைச் சொல்லும்போது இரண்டு மூன்று நிமிடம் முன்பின் இருக்கலாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

காது செய்த மாற்றத்தைக் கலைப்பது

ஓர் எடுத்துக்காட்டோடு போவோம். உண்மையான பாட்டு எதையும் எடுக்காமல், விளக்கத்துக்காக நாமே கட்டிய வரி இது. வானொலியில் கேட்டவருக்கு நினைவிருப்பது இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

“வாரேன்னு சொன்னே, ஆறு மணி ஆச்சே, பஸ்ஸு வந்து போச்சே, உன்னைக் காணலே.”

முதலில் பதிந்து வைத்த முனகலைக் கேட்டு, ‘வாரேன்னு’ என்ற சொல் வரும் இடத்தில் மெட்டுக்கு எத்தனை அசைவு என்று விரல்விட்டு எண்ணுங்கள். ‘வா-ரேன்-னு’ மூன்றுதான். ஆனால் மெட்டில் நான்கு தட்டு இருக்கிறது. அப்படியானால் நினைவில் ஏதோ விழுந்துபோயிருக்கிறது. இலங்கைப் பேச்சில் அதே சொல் ‘வாறன் எண்டு’. பாடும்போது ‘வா-ற-னெண்-டு’ என்று நான்காகிறது. மெட்டு நிறைந்துவிட்டது. அடுத்து ‘காணலே’. இதில் நடு எழுத்து குறில். மெட்டிலோ அந்த இடத்தில்தான் ராகம் நீண்டு நிற்கிறது. குறிலில் அப்படி நீட்டி நிற்பது இயல்பாக வராது. யாழ்ப்பாணப் பேச்சில் ‘காணவில்லை’ என்பது ‘காணேல்லை’ ஆகும். அங்கே ‘ணே’ நெடில், நீட்ட இடம் இருக்கிறது.

மூன்றாவது சாட்சி எதுகை. பேச்சுத் தமிழில் எழுதும் பாட்டுக்காரர்களும் எதுகையைக் கைவிடுவதில்லை. இரண்டாம் அடி ‘ஆறு மணி’ என்று தொடங்குகிறது. முதல் அடியை ‘வாரேன்’ என்று எழுதினால் இரண்டாம் எழுத்து ‘ரே’, அடுத்த அடியில் ‘று’. எழுத்தில் எதுகை நிற்கவில்லை. ‘வாறன்’ என்று எழுதிப் பாருங்கள்: வாறன், ஆறு. பொருந்திவிட்டது. ஆக, வரி பெரும்பாலும் இப்படி இருந்திருக்க வேண்டும்:

“வாறன் எண்டு சொன்னாய், ஆறு மணி ஆச்சு, பஸ்ஸும் வந்து போச்சு, உன்னைக் காணேல்லை.”

மெட்டின் தட்டு, நெடில் குறில், எதுகை ஆகிய இந்த மூன்றையும் வைத்துச் சோதிப்பது, ‘இலங்கைச் சொல் மாதிரி இருந்தது’ என்ற ஊகத்தைவிட எவ்வளவோ உறுதியானது. தனிச்சொல் ஊர்விட்டு ஊர் போகும். ‘வடிவு’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டுத் திரைப்படப் பாட்டிலும் கேட்கலாம். வினைமுற்றின் வாலோ அவ்வளவு எளிதில் இடம் மாறுவதில்லை. அதனால் வாலைப் பிடியுங்கள்.

பிடிக்க வேண்டிய வால்கள் சில. தன்மை ஒருமையில் நாம் ‘போறேன், நிக்கிறேன், கேப்பேன்’ என்று ‘ஏன்’ போட்டு முடிப்போம். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ‘போறன், நிக்கிறன், கேப்பன்’ என்று குறிலாக முடியும். ‘என்று’ என்பதற்கு நமக்கு ‘ன்னு’, அங்கே ‘எண்டு’. ‘வீட்டிலே, அங்கே, எங்கே’ என்று நாம் ‘ஏ’யில் முடிப்பதை யாழ்ப்பாணத்தில் ‘வீட்டிலை, அங்கை, எங்கை’ என்று ‘ஐ’யில் முடிப்பார்கள். ‘அவர்கள் வருகிறார்கள்’ என்பது ‘அவை வருகினம்’. இந்த ‘இனம்’ ஒலியைக் கேட்டால் யாழ்ப்பாணப் பக்கம் என்று துணிந்து எழுதலாம். ‘உவன், உது, உங்கை’ என்று உகரத்தில் தொடங்கும் சுட்டு வந்தாலும் அப்படியே. நம் பேச்சில் அது கிடையாது. ஆகவே காது அதை ‘அவன், அது’ என்று மாற்றிப் பதிந்திருக்கும்.

உச்சரிப்பில் கவனிக்க ஒன்றே ஒன்றைச் சொல்கிறோம், அதுவே போதும். ‘நேற்று, காற்று, வெற்றி’ வரும் இடத்தைக் கேளுங்கள். நாம் பேசும்போது ‘நேத்து, காத்து’ என்போம், நாக்கு நுனி பல்லில் படும். தமிழ்நாட்டுப் பாடகர் ஏட்டுத்தமிழில் பாடினால் ‘ற்’றுக்குப் பின்னால் ஒரு ‘ர’ ஒலி கேட்கும். யாழ்ப்பாணத்துக்காரர் பாடும்போது நாக்கு நுனி பல்லுக்குச் சற்று மேலே ஈறில் பட்டு, ‘ர’ ஒலி இல்லாமல் விடும். பழகாத காதுக்கு அது ‘நேட்டு’ என்று விழும். ‘நேட்டு’ என்று ஒரு சொல் நினைவில் இருந்தால் அதை ‘நேற்று’ என்று படியுங்கள்.

யாழ்ப்பாணமா மட்டக்களப்பா என்று பிரிப்பதற்கு ‘எண்டு’வும் ‘வாற’வும் உதவாது, இரண்டு பக்கமும் உண்டு. ‘பிறகு’ என்பதற்கு ‘பேந்து’ என்றால் வடக்கு, ‘மறுகா’ என்றால் கிழக்கு. கூப்பிடும்போது ‘என்ன கா’, ‘மனே’ என்று வந்தாலும் மட்டக்களப்பு வாடைதான்.

ஓர் எச்சரிக்கை: அறிவிப்பாளரின் பேச்சையும் பாடகரின் பேச்சையும் கலந்துவிடாதீர்கள். ரொறன்ரோவில் உட்கார்ந்து யாழ்ப்பாணத் தமிழில் பேசுபவர் தமிழ்நாட்டுப் பாட்டையும் போடுவார், மலேசியப் பாட்டையும் போடுவார். பாட்டுக்கு உள்ளே வந்த ஒலியை மட்டுமே சாட்சியாக எடுக்க வேண்டும்.

தோட்டத்துக்காரர் தவறும் இடம்

நம்மூரில் இதைச் செய்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் ஓர் இடம் உண்டு. பாட்டில் ‘லயம்’, ‘கங்காணி’, ‘பெரட்டு’, ‘தொரை’ என்று வந்தால், இது நம் தோட்டத்துப் பாட்டு, யாரோ மலேசியக் கலைஞர் பாடியது என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்தச் சொற்கள் இலங்கை மலையகத்துக்கும் நமக்கும் பொது. இரண்டு பக்கமும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணி வழியாகப் போனவர்கள்தான். மலையகப் பேச்சும் ‘வாரேன், போறேன், ன்னு’ என்று நம் பேச்சை ஒட்டியே இருக்கும். அதனால் மேலே சொன்ன வால் சோதனை இங்கே கைகொடுக்காது.

இங்கே பயிரைப் பார்க்க வேண்டும். ‘கொழுந்து’, ‘கவ்வாத்து’, ‘மலை’ என்று வந்தால் தேயிலை, மலையகம். ‘பால் மரம்’, ‘மங்கு’, ‘ஒட்டுப்பால்’, ‘கித்தா’, ‘செம்பனை’ என்று வந்தால் நம் பக்கம். இலங்கையிலும் ரப்பர் உண்டு என்பதால் ‘பால்’ ஒன்றை மட்டும் நம்பாமல், மலாய்க் கலப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘கித்தா’ மலாய் வழி வந்த சொல். ‘கம்பம்’, ‘பசார்’, ‘சடக்கு’, காசுக்கு ‘வெள்ளி’ என்று ஏதாவது ஒன்று கூடவே வந்தால் சந்தேகம் தீர்ந்தது. ‘ரூவா’ என்று வந்தால் மலையகத்தின் பக்கம் சாயலாம்.

எந்தப் பெட்டியில் தேடுவது

பேச்சு எந்த ஊர் என்று தெரிந்ததும், பாட்டு எந்த வகை, எந்தக் காலம் என்று ஒரு மட்டுக்குக் குறுக்க வேண்டும். ஆடவைக்கும் தாளம், கிற்றார், கேலியும் கிண்டலுமான பேச்சுமொழி என்றால் அது பெரும்பாலும் பொப்பிசை. 1970களில் இலங்கையில் கொடிகட்டிப் பறந்த வகை. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் அதில் பெயர் பெற்றவர்கள். சிங்களப் பைலாத் தாளம் அதில் நிறையக் கலந்திருக்கும். ஏட்டுத்தமிழில் மென்மையாகப் பாடிய பழைய பாட்டு என்றால் இலங்கை வானொலிக்காகப் பதிவான மெல்லிசைப் பாடலாக இருக்கலாம். ஊர் நினைப்பு, மண், பிரிவு என்று கனமாகப் போனால் போர்க்காலத்துத் தாயகப் பாடல்களின் பக்கம் பாருங்கள். ஆங்கிலம் கலந்த துள்ளல், பனி, வேலைத்தலம் என்று வந்தால் புலம்பெயர்ந்த பிள்ளைகள் இப்போது பாடியது.

நம் எடுத்துக்காட்டில் பஸ், ஆறு மணி, காத்திருக்கும் ஆள், துள்ளல் மெட்டு. முதலில் திறக்க வேண்டிய பெட்டி பொப்பிசை. இங்கே எழுத்தைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் ‘பாப்’ என்று எழுதுவதை இலங்கையில் ‘பொப்’ என்பார்கள். ‘டொரண்டோ’ அங்கே ‘ரொறன்ரோ’, ‘டிவி’ அங்கே ‘ரிவி’, ‘லாரி’ அங்கே ‘லொறி’. நம் எழுத்தில் தேடினால் நம் ஊரும் தமிழ்நாடும்தான் வரும். அவர்கள் எழுத்தில் தேடினால்தான் அவர்கள் ஏற்றி வைத்தது வரும்.

தட்டும் முறை

முழு வரியையும் ஒரே மூச்சில் தட்டாதீர்கள். ஒரு சொல் தவறினாலும் முழுவதும் பிசகிவிடும். உறுதியான இரண்டு மூன்று சொற்களை மேற்கோள் குறிக்குள் வைத்து, வகையின் பெயரை வெளியே விடுங்கள்:

```
"வாறன் எண்டு" பொப்பிசை
"வாறனெண்டு சொன்னாய்"
"வாறேன் என்று சொன்னாய்" இலங்கைப் பாடல்
```

மூன்றையும் தட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. பேச்சு வழக்கை எழுத்தில் வைக்க ஒரே முறை என்று கிடையாது. ஒருவர் பிரித்து எழுதுவார், ஒருவர் சேர்த்து எழுதுவார், இன்னொருவர் பாட்டை ஏற்றும்போது ‘எண்டு’வை ‘என்று’ எனத் திருத்திவிடுவார். யூடியூப்பில் பழைய பாட்டை ஏற்றியவர்களில் பலர் தலைப்பை ஆங்கில எழுத்தில் வைத்திருப்பார்கள். அதையும் இலங்கை ஒலிக்கு ஏற்பத் தட்ட வேண்டும்:

```
vaaran endu sonnai
varan endu sonnay ceylon pop
```

‘vaarennu’ என்று தட்டினால் மறுபடியும் சினிமாதான்.

வரி எங்கும் அகப்படவில்லை என்றால் வரியை விட்டுவிட்டுத் தொகுப்பைத் தேடுங்கள். ‘இலங்கைப் பொப்பிசைப் பாடல்கள்’ என்று தட்டினால் ஒரு மணி நேரம் ஓடும் தொகுப்புகள் யூடியூப்பில் கிடைக்கும். முழுவதையும் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பாட்டிலும் பல்லவி வரும் இடத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டால் இருபது பாட்டை கால்மணி நேரத்தில் பார்த்துவிடலாம். எதிலும் அகப்படாவிட்டால் இலங்கைத் தமிழ் நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் திட்டத்தின் தளங்களுக்குப் போங்கள்: noolaham.org, aavanaham.org. அங்கே பாட்டுப் புத்தகங்களில் பல, பக்கத்தைப் படமாக எடுத்து வைத்தவை. வரியைத் தட்டினால் வராது. ‘பொப்பிசை’, ‘மெல்லிசை’ என்று தலைப்பைத் தட்டி, புத்தகத்தைத் திறந்து, முதலடி அட்டவணையைக் கண்ணால் பார்க்க வேண்டும். அகர வரிசையில் இருந்தால் ‘வா’வுக்குப் போங்கள். அங்கே இல்லையென்றால் ‘ஆறு’, ‘பஸ்’ என்று வேறு அடியில் பல்லவி தொடங்கியிருக்கலாம். நாம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் பல்லவியின் முதல் சொல்லாக இருக்காது.

பழைய இலங்கை, புலம்பெயர் தளங்களைத் திறக்கும்போது திரை முழுக்க இப்படி ஏதாவது வந்தால் மூடிவிடாதீர்கள்:

```
tzf;fk;
```

அது பாமினி எழுத்துருவில் அடித்த ‘வணக்கம்’. யூனிகோட் பரவலாகும் முன்பு அந்தப் பக்கத்தில் நிறையப் பேர் பாமினியில்தான் எழுதினார்கள். பாமினியில் கிடக்கும் பாட்டு வரியை நாம் தமிழில் தட்டினால் தேடல் ஒருபோதும் காட்டாது. பக்கத்தை நகலெடுத்து, பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றும் கருவியில் ஒட்டினால் படிக்கலாம். நம் சொல் ‘வாறன்’ பாமினியில் `thwd;` என்று இருக்கும். அதையே நேராகத் தேடிப் பார்க்கலாம். அரைப்புள்ளியைத் தேடல் கருவிகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை என்பதால் குப்பையும் நிறைய வரும்.

பாட்டு ஓடும்போதே கைப்பேசியில் பாட்டை அடையாளம் காட்டும் ஷாஸாம் செயலியை வைத்தால் வேலை சுலபம்தானே என்று கேட்கலாம். செய்து பாருங்கள். அறிவிப்பாளர் பேசி முடித்து, பாட்டு மட்டும் தெளிவாகப் பத்து விநாடி கிடைக்கும் இடத்தில் வையுங்கள். ஆனால் அது தன் சேமிப்பில் உள்ள அதே ஒலிப்பதிவோடுதான் ஒப்பிடும். யாரோ ஒருவர் பழைய இசைத்தட்டிலிருந்து தானே பதிந்து வானொலியில் போடும் பாட்டு அதில் இருக்க வாய்ப்புக் குறைவு. கூகுள் செயலியில் மெட்டை முனகித் தேடும் வசதியும் உண்டு, பத்துப் பதினைந்து விநாடி போதும். அது சிங்களப் பாட்டையோ இந்திப் பாட்டையோ காட்டினால் எரிச்சலோடு மூடாதீர்கள். பொப்பிசையில் இரவல் மெட்டு சாதாரணம். அந்தப் பாட்டின் பெயரோடு ‘தமிழ்’ சேர்த்துத் தேடினால் நீங்கள் தேடுவது அடுத்த வீட்டிலேயே கிடைக்கலாம்.

வானொலிக்கு எழுதுவது

இரண்டு மாலை தேடியும் கிடைக்கவில்லையா? வானொலிக்கே எழுதுங்கள். சமூக வானொலிகளில் நிகழ்ச்சி செய்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். பாட்டு வானொலி நிலையத்தின் பொதுக் கணினியில் இருக்காது, அந்த அறிவிப்பாளரின் சொந்த மடிக்கணினியில் இருக்கும். ஆகவே நிலையத்துக்குப் பொதுவாக எழுதாமல், நிகழ்ச்சியின் பெயரையும் அவர் பெயரையும் குறிப்பிட்டு எழுதுவது நல்லது. நேயர் விருப்பத்தில் வந்த பாட்டு என்றால் விரும்பிக் கேட்டவர் பெயரையும் சேருங்கள். அறிவிப்பாளருக்குப் பாட்டு மறந்தாலும், யார் கேட்டார்கள் என்பது நினைவிருக்கும்.

ஒரு மாதிரி:

“வணக்கம் அண்ணா. மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை, உங்கள் நேரம் மாலை 6:20 அளவில் நேயர் விருப்பத்தில் ஒரு பாடல் போட்டீர்கள். ஆண் குரல், துள்ளல் மெட்டு. ‘வாறன் எண்டு சொன்னாய், ஆறு மணி ஆச்சு’ என்பது போல ஒரு வரி வரும். பாடியவர் பெயரையும் பாடலின் முதல் அடியையும் சொல்ல முடியுமா? மெட்டை முனகிப் புலனத்தில் அனுப்பியிருக்கிறேன்.”

அறிவிப்பாளர் பெண் என்றால் ‘அக்கா’. நாள், அவர்கள் நேரம், நினைவிருக்கும் வரி ஆகிய மூன்றும் இருந்தால் பதில் சொல்வது அவருக்கு இரண்டு நிமிட வேலை. ‘போன வாரம் ஒரு அருமையான பாட்டு போட்டீங்களே’ என்று மட்டும் எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

காலம் தாழ்த்த வேண்டாம். உரிமம் பெற்று அலைவரிசையில் ஒலிபரப்பும் வானொலிகள் சட்டப்படி ஒலிபரப்பைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். கனடாவில் நான்கு வாரம், பிரிட்டனில் 42 நாள். அந்தப் பதிவு நமக்காக வைத்திருப்பது அல்ல. ஆனாலும் அந்தக் காலத்துக்குள் கேட்டால் மனம் வைத்து எடுத்துப் பார்க்க ஒன்று இருக்கிறது. இணையத்தில் மட்டும் ஓடும் வானொலிகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அவற்றுக்கு அன்றைக்கோ மறுநாளோ எழுதிவிடுங்கள். சில நிகழ்ச்சிகள் அதே வாரத்தில் மறு ஒலிபரப்பாகும். நிகழ்ச்சி அட்டவணையைப் பார்த்து, இன்னொரு கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து முழுவதையும் பதிந்துகொள்ளுங்கள்.

நம்மூரிலேயே கேட்கவும் ஆள் உண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணியாகவும் ரயில்வேயிலும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணக் குடும்பங்கள் பேரா, சிலாங்கூர் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. வயதான ஒருவரிடம் உங்கள் முனகலைப் போட்டுக் காட்டி, “ஐயா, இந்த இடத்துல என்ன சொல்றாங்க?” என்று கேளுங்கள். பாட்டு தெரியாவிட்டாலும் நீங்கள் கோடு போட்டு விட்ட இடத்தை அவர் நிரப்பித் தருவார்.

கிடைத்தது அதுதானா

ஒரு பாட்டு கிடைத்ததும் துள்ளிக் குதிக்காமல், முதலில் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். வரி பொருந்தினால் போதாது. ஒரே பாட்டை முதலில் பாடியவர், பிறகு மேடையில் பாடியவர், முப்பது வருடம் கழித்துப் புலம்பெயர் நாட்டில் புதிய வாத்தியத்தோடு பாடியவர் என்று மூன்று நான்கு பதிவு இருக்கும். நீங்கள் கேட்டதில் பின்னணியில் கூட்டக்குரல் இருந்ததா, நடுவில் பேச்சு வந்ததா, கைதட்டல் கேட்டதா என்று பாருங்கள். கைதட்டல் இருந்தால் மேடைப்பதிவு. கூர்மையான தாளப்பெட்டிச் சத்தம் இருந்தால் பிற்காலப் பதிவு. இசைத்தட்டின் இலேசான கரகரப்பு இருந்தால் பழையது.

வரியை மறுபடியும் கேட்டு, நம் திருத்தம் சரிதானா என்றும் பாருங்கள். ‘காணேல்லை’ என்று நாம் நினைத்த இடத்தில் ‘காணேக்கை’ என்று இருக்கலாம். அப்படியானால் பொருளே மாறிவிடும்: அது ‘காணும்போது’. காத்திருந்து ஏமாந்தவனின் பாட்டு என்று நினைத்தது, அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதைக் கண்டவனின் பாட்டாக இருக்கும். அதையும் தாளில் திருத்தி எழுதி, பாடியவர் பெயர், முதல் அடி, எந்தப் பதிவு, வானொலியில் கேட்ட நாள் ஆகியவற்றைக் கீழே குறித்து வையுங்கள். அடுத்த பாட்டில் ‘ஏக்கை’ என்று கேட்டால் காது அதைத் தானாகப் பிடித்துக்கொள்ளும்.